அடிக்கோல் காட்டும் இரட்டிப்புத் தூரம்

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் 40 செ.மீ. பூமத்தியரேகையின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஆகவே அந்தக் கோட்டில் 1 செ.மீ. என்பது 1,000 கி.மீ. இப்போது ஆஸ்லோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே அடிக்கோலை வையுங்கள். 2.2 செ.மீ. வரும். 2,200 கி.மீ. என்று எழுதினால் தவறு. உண்மையில் சுமார் 1,100 கி.மீ.தான்.

இரண்டு நகரங்களும் கிட்டத்தட்ட 60 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கின்றன. பிழைக்குக் காரணம் அதுதான்.

ஓர் ஆரஞ்சைக் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் பெரிய வட்டம். காம்பை நெருங்க நெருங்கச் சிறிய வட்டம். பூமியிலும் அப்படித்தான். ஓர் அட்சரேகை வட்டத்தின் ஆரம், பூமியின் ஆரத்தை அந்த அட்சரேகையின் கோசைனால் பெருக்கினால் கிடைப்பது. 60 டிகிரியின் கோசைன் 0.5. அங்கே பூமியைச் சுற்றிவர 20,000 கி.மீ. போதும்.

ஆனால் உருளை முறைப் படம் ஒரு செவ்வகம். தீர்க்கரேகைகள் துருவத்தில் கூடாமல் இணையாக நிற்கின்றன. அதனால் 20,000 கி.மீ. வட்டமும் அதே 40 செ.மீ. நீளத்துக்கு இழுக்கப்படுகிறது, அங்கே 1 செ.மீ. என்பது 500 கி.மீ.தான். கோசைன் பங்காகச் சுருங்கியதைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவர, கோசைனால் வகுக்க வேண்டும். ஒன்றைக் கோசைனால் வகுத்தால் வருவதே சீகண்ட். சென்னையின் 13 டிகிரியில் அது 1.03, கண்ணுக்கே தெரியாது. 60-இல் 2. 80-இல் 5.8.

இது கிழக்கு மேற்குக் கணக்கு மட்டுமே. வடக்கு தெற்கில் எவ்வளவு இழுப்பது என்பது படம் வரைபவர் கையில் இருக்கிறது. 1569-இல் மெர்கேட்டர் அந்தத் திசையிலும் அதே அளவு இழுத்தார். இரு பக்கமும் சமமாக இழுபட்டால் கோணம் கெடாது. மாலுமி படத்தில் போட்ட நேர்கோட்டின் திசையிலேயே திசைகாட்டியைப் பார்த்துக் கப்பலைச் செலுத்தலாம். எந்தக் கோட்டை எவ்வளவு உயரத்தில் வரைவது என்ற துல்லியக் கணக்கை எட்வர்ட் ரைட் 1599-இல் வெளியிட்டார். சிறு சிறு இடைவெளிக்குச் சீகண்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டியே அந்த அட்டவணையைப் போட்டார்.

பூமியின் மையத்தில் விளக்கேற்றி, சுற்றிய தாளில் நிழல் விழச் செய்தால் மெர்கேட்டர் படம் வரும் என்று சிலர் விளக்குவதுண்டு. அது சரியல்ல. நமது 40 செ.மீ. படத்தில் 60 டிகிரிக் கோடு, மெர்கேட்டர் முறையில் நடுக்கோட்டிலிருந்து 8.4 செ.மீ. உயரத்தில் இருக்கும். விளக்கு நிழலோ 11 செ.மீ. உயரத்தில் விழும், வடக்கு தெற்கு இழுப்பு அங்கே 2 மடங்கல்ல, 4 மடங்கு.

மெர்கேட்டர் முறையில் நீளமும் அகலமும் சீகண்ட் மடங்கு பெருகுவதால், பரப்பு சீகண்டின் வர்க்கமாகப் பெருகுகிறது. ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து, படத்தில் அதற்குச் சமமாகத் தெரிவது இதனால்தான்.

மாலுமிகளுக்கு இது தெரியும். தூரம் அளக்க அவர்கள் படத்தின் அடியில் உள்ள அளவுகோலைத் தொடுவதில்லை. கப்பல் இருக்கும் உயரத்துக்கு நேராக, பக்க ஓரத்து அட்சரேகைக் குறிகளில் கவராயத்தை வைக்கிறார்கள். அங்கே ஒரு கலை அளவு ஒரு கடல் மைல்.