சலித்துப்போன பத்து வயதுக்கு ஒரு கழித்தல் கணக்கு

வகுப்பில் கொடுத்த கணக்கை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலை வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கு வழக்கமாகக் கிடைப்பவை இரண்டு: அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு, அல்லது அடுத்த வகுப்புப் புத்தகம். முதலாவது, சீக்கிரம் முடித்ததற்கான தண்டனையாகவே பிள்ளைக்குப் படும். அடுத்த முறை வேண்டுமென்றே மெதுவாகப் போடும். இரண்டாவது சில மாதம் தாங்கும். ஆனால் ஆறாம் வகுப்புப் பாடத்தை ஐந்திலேயே முடித்தவனுக்கு ஆறாம் வகுப்பில் என்ன மிஞ்சும்? அவனுக்கு வேண்டியது, கற்ற கணக்கை வைத்தே ஆழத்துக்கு இறங்க வைக்கும் ஒரு கேள்வி.

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் அப்படி ஒரு கேள்வியைத் தந்திருக்கிறார். கழிக்கத் தெரிந்தால் போதும். மூன்று இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். விடையை வைத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். 352 என்று தொடங்கினால்:

532 − 235 = 297
972 − 279 = 693
963 − 369 = 594
954 − 459 = 495

495 வந்துவிட்டால் அதன்பின் 495 மட்டுமே வரும். வேறு எந்த எண்ணில் தொடங்கினாலும் அங்கேதான் முடியும். ஒரு தாளில் பத்துப் பதினைந்து எண்களைப் போட்டுப் பார்த்த பிள்ளை, "எல்லாமே ஏன் இதுக்கே வருது?" என்று தானாகக் கேட்கும். அந்தக் கேள்வி வரும்வரை பெரியவர்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வழக்கமான சறுக்கல் உண்டு. 211-ஐ எடுத்தால் 211 − 112 = 99. அதை இரண்டு இலக்கமாக எண்ணி மேலே போனால் 99 − 99 = 0 என்று முட்டி நிற்கும். 099 என்று எழுதினால் 990 − 099 = 891 என்று வழி திறக்கும். தவறைத் திருத்திக் கொடுக்காமல், "இதுக்கு எத்தனை இலக்கம்?" என்று மட்டும் கேட்டால் போதும்.

காரணத்தைத் தேடுவதற்குச் சில நாட்கள் ஆகலாம். விடைகளை மட்டும் தனியே ஒரு பட்டியலாக எழுதச் சொன்னால் பிள்ளையின் கண்ணில் படும்: நடு இலக்கம் எப்போதும் 9, ஓர இலக்கங்களைக் கூட்டினாலும் 9. கழிக்கும்போது இரண்டு எண்களிலும் நடு இலக்கம் ஒன்றேதான், அதனால் விடையில் அதற்குப் பங்கில்லை. பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 99-ஆல் பெருக்கினால் வருவதுதான் விடை. ஆகவே 099, 198, 297 தொடங்கி 891 வரை ஒன்பதே விடைகள்தான் வர முடியும். அந்த ஒன்பதையும் சோதித்தால் 891, 792, 693, 594, 495 என்று படிப்படியாக இறங்குவது தெரியும். இது முழுமையான நிரூபணம். பத்து வயதில் தன் கையால் செய்து முடிக்கக்கூடியது.

அடுத்தது நான்கு இலக்கம். அங்கே எல்லாம் 6174-இல் வந்து நிற்கும், ஏழு படிகளுக்குள். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் கப்ரேகர் அறிவித்தது இந்த எண்ணைத்தான். எந்த எண்ணுக்கு எத்தனை படி என்று ஒரு நோட்டில் பதிவு செய்து, படிக்கு ஒரு நிறம் தீட்டினால் அதுவே பல வாரங்களுக்கான செயல்திட்டம்.

கேள்வி பிள்ளையின் அளவுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் முயற்சியிலேயே விடை வந்தால் அது எளிது. அடுத்து என்ன செய்வதென்றே தெரியாமல் தாளைத் தள்ளிவிட்டால் அது மிகக் கடினம். நான்கு இலக்கத்திலிருந்து மூன்றுக்கு இறங்க வேண்டும். எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை முதல் தடுமாற்றத்திலேயே அழுதுவிடுவதும் உண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவரும் தம் தாளில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது எந்த ஆறுதல் வார்த்தையையும்விட நல்லது.

புத்தகத்துக்கும் இதே அளவுகோல்தான். பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' போன்ற நூல் உயர்நிலைப் பள்ளிக்குரியது என்றாலும் தனித்தனிக் கேள்விகளாக இருப்பதால் நடுவிலிருந்தும் படிக்கலாம். ஒரு பகுதியைப் படித்தபின் பிள்ளை சொந்த வார்த்தையில் விளக்கினால் தொடரலாம். புத்தக வாக்கியத்தையே ஒப்பித்தால் ஆறு மாதம் கழித்து எடுக்கலாம். கதைப் புத்தகத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: பதினைந்து வயதுக்கான மொழி புரிகிறது என்பதற்காக அந்த வயதின் துயரங்களும் புரிந்துவிடாது.

நான்கு இலக்கம் முடிந்ததும் பிள்ளை ஐந்துக்குப் போகும். அங்கே ஒரே எண்ணில் போய் நிற்பது கிடையாது. 53955-உம் 59994-உம் போல எண்கள் மாறிமாறிச் சுற்றும் வட்டங்கள்தான் உண்டு. அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.