எட்டு வார இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு பக்கம்

"பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கான ஓசிஆரை மேம்படுத்துங்க." பல இன்டர்ன்ஷிப்கள் இப்படி ஒரு வரியில்தான் தொடங்கும். வழிகாட்டி மனசுல இருப்பது ஒன்று, மாணவர் புரிந்துகொள்வது வேறொன்று. அதை முதல் வாரமே வெளியே கொண்டுவரத்தான் ஒரு பக்கத் திட்டம்.

முதலில் கேள்வி. "மேம்படுத்துவது" என்பது கேள்வி இல்லை. "டெசராக்ட் ‘ர’வையும் துணைக்காலையும் குழப்புவதைக் குறைக்க முடியுமா?" என்பது கேள்வி.

அடுத்து, வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும்? 60 பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்து, ஓசிஆர் தந்ததோடு ஒப்பிட்டு, நூறு எழுத்துக்கு எத்தனை பிழை என்று மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எண்ணுவது. "பிழையைப் பாதியாக்குவேன்" என்று எழுதாதீங்க. அது உங்க கையில் இல்லை. அளந்து காட்டுவது உங்க கையில் இருக்கு.

மூன்றாவது, செய்யாதவை: கையெழுத்துப் பிரதிகள், இரண்டு பத்தி அச்சு, இணையதளம். வழிகாட்டி "இணையதளம் வேணுமே!" என்றால் நல்லதுதான். எதிர்பார்ப்பு இப்பவே தெரிஞ்சுடுச்சு. அதைச் சேர்த்தால் எதைக் குறைப்பது என்று அங்கேயே பேசிடலாம்.

கடைசியாக ஒரு திருப்பம்: இரண்டாம் வார முடிவில் 15 பக்கம்கூட தட்டச்சாகவில்லை என்றால் இலக்கு 30 ஆகும் என்று முன்கூட்டியே எழுதிடுங்க.

படிச்சுட்டு "நல்லா இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால், ஒப்புதல்னு எடுத்துக்காதீங்க. "நேரம் போதலைன்னா எந்த வரியை வெட்டலாம்?" என்று கேளுங்க. அந்தப் பதிலையும் பக்கத்தில் சேர்த்த பிறகு வேலையைத் தொடங்குங்க.