மூன்றே நாளில் மூட்டுவலி பறந்துவிட்டால்

நம்பிக்கை எங்கே விலைபோகிறது

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் குனிந்தபடி நாற்று நடும் பெண்களுக்கு இடுப்பு வலி. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் சம்மணமிட்டுப் பீடி சுற்றுகிறவர்களுக்கும் பத்தமடையில் பாய் நெய்கிறவர்களுக்கும் முழங்கால் வலி. உட்கார்ந்தால் கூலி, எழுந்தால் நட்டம் என்று வாழ்கிறவர்கள் வலிக்கு மருந்து தேடுவதில் வியப்பில்லை. அகத்தியரின் பொதிகையைப் பார்த்தபடி வாழும் ஊர்களில், 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் மாவட்டத்தில், அந்தத் தேடல் மூலிகைப் பக்கம் போவதும் இயல்பு. இந்த நம்பிக்கையைத்தான் சிலர் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். நாள்பட்ட மூட்டுவலியை மூன்று நாளில் அடக்கும் 'மூலிகைப் பொடி' கிடைத்தால், அந்த வேகத்தைப் பொடியின் சிறப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகப்பட வேண்டிய முதல் அறிகுறியே அதுதான்.

பொடிக்குள் அகப்பட்டவை

இது வெறும் ஐயமல்ல. இந்தியச் சந்தையில் வாங்கிய ஆயுர்வேத, மூலிகைத் தயாரிப்புகளைப் பரிசோதித்து மொகாலியிலுள்ள தேசிய மருந்தியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2009-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், டைக்ளோஃபினாக், பைராக்சிகாம் என்ற வலிமாத்திரை மருந்துகளும் கலந்திருந்தது அதில் தெரியவந்தது.

அமெரிக்காவில் 2022-இல் நடந்தது இதைவிடத் தெளிவான பாடம். 'ஆர்ட்ரி கிங்' என்ற பெயரில் மூட்டுவலிக்கான துணை உணவு அங்கே விற்பனையானது. அட்டையில் இருந்ததெல்லாம் செந்தட்டி வகை மூலிகை, ஒமேகா 3 போன்ற சாதுவான பெயர்கள். அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் ஆய்வகத்தில் சோதித்தபோது டைக்ளோஃபினாக்கும் டெக்சாமெத்தசோனும் வெளிப்பட்டன. கல்லீரல் பாதிப்பும் உயிரிழப்பும் உட்படப் புகார்கள் வந்ததால், அந்த ஆண்டிலேயே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப வெளியிட்டார்கள். அதில் ஒரு வரி நம் ஊருக்கும் மிக முக்கியம்: தொடர்ந்து சாப்பிட்டு வந்தவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

ஒரு மில்லிகிராம் செய்யும் வேலை

சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரக்கிறது. முக்கால் மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், இருபது மில்லிகிராம் கார்ட்டிசாலுக்குச் சமம். நம் உடல் சாதாரணமாக ஒரு நாளில் சுரக்கும் மொத்த அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். ஐந்து கிராம் பொடியில் ஒரு மில்லிகிராம் என்றால் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அதை நாக்கும் மூக்கும் கண்ணும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தத் துளி போதும், வீக்கம் வடியும், பசி கூடும், உடம்பில் புதுத் தெம்பு வந்ததுபோல் தோன்றும்.

சில மாதங்களில் கணக்கு மாறும். முகம் வட்டமாக உப்பும், பிடரியில் கொழுப்பு திரளும், வயிறு பருக்கும். கையும் காலும் மட்டும் மெலியும். வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறக் கோடுகள் விழும். இலேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. முகம் உப்புவதைக் கண்டு 'மருந்து சாப்பிட்டுச் சதை போட்டிருக்கிறது' என்று வீட்டார் மகிழ்வதுண்டு. அதே நேரத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், அடங்கியிருந்த காசநோய் தலைதூக்கலாம். கூடவே டைக்ளோஃபினாக்கும் இருந்தால் குடல்புண், கறுத்த மலம், சிறுநீரகச் சேதம் என்று ஆபத்து இரட்டிப்பாகும்.

வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைக் கண்டு அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. பொட்டலம் தீர்ந்த அன்றோ, பயந்துபோய் நிறுத்திய அன்றோ, அது உடனே விழித்துக்கொள்ளாது. கடும் அசதி, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தச் சரிவு என்று நிலைமை முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். டெக்சாமெத்தசோனைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு ஒரு எளிய தடயம் உண்டு: பார்வைக்கு ஸ்டீராய்டு மிகுந்த உடம்பு, ஆனால் காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் மிகக் குறைவு. அப்படியானால் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வருகிறது என்று பொருள்.

தடவும் கிரீம்களில் குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன் போன்றவை கலந்திருந்தால் முதலில் தோல்தான் காட்டிக்கொடுக்கும். தடவிய இடம் மெலிந்து பளபளக்கும், ரத்தக் குழாய்கள் தெரியும், கோடு விழும். படர்தாமரை இருந்தால் அரிப்பு அடங்கியபடியே அது பரவும்.

'எனக்குக் கேட்கிறதே!'

'வலி போகிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்?' என்ற கேள்வி நியாயமானது. வலி போவது உண்மைதான். ஆனால் ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறதே தவிர, தேய்ந்த மூட்டைச் சரிசெய்வதில்லை. அலோபதி மருத்துவரும் ஸ்டீராய்டு தருகிறாரே என்பார்கள். தருகிறார், எவ்வளவு தருகிறார் என்று தெரிந்து தருகிறார். சர்க்கரையைச் சோதிக்கிறார், நீண்ட நாள் கொடுத்திருந்தால் படிப்படியாகக் குறைக்கிறார். பொட்டலத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் கொடுப்பதுதான் குற்றம்.

'இது சித்த மருத்துவத்தைப் பழிப்பது' என்பது இன்னொரு மறுப்பு. அமுக்கராச் சூரணம் போன்ற மருந்துகள் நிதானமாகத்தான் வேலை செய்யும் என்று முறையாகப் படித்த சித்த மருத்துவர் நோயாளியிடம் சொல்லியே கொடுக்கிறார். அவர் பொறுமை கேட்கும்போது, தெருமுனைப் பொட்டலம் மூன்று நாளில் அதிசயம் காட்டுகிறது. கலப்படத்தால் முதலில் நட்டப்படுவது அவர்தான்.

வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

கடையில் விற்கும் சித்த மருந்தின் லேபிளில் 'சித்த மருந்து' என்ற குறிப்பு, சேர்ந்துள்ள சரக்குகளும் அவற்றின் அளவும், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். 'ரகசிய மூலிகைகள்' என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாத நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே 'உத்தரவாதம்' என்ற சொல்லே எச்சரிக்கைதான். வைத்தியர் தன் சொந்த நோயாளிக்குத் தயாரித்துத் தரும் மருந்துக்கு உரிமம் வேண்டாம் என்று சட்டம் விலக்கு தருகிறது. லேபிள் இல்லாத பொடி இந்த வழியில்தான் புழங்குகிறது. அப்படி வாங்கும்போது தருகிறவர் பதிவு பெற்ற சித்த மருத்துவரா என்று கேட்பதில் தவறில்லை. லேபிள் சரியாக இருந்தாலும் அது முழு உத்தரவாதமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளே இருப்பதை ஆய்வகம்தான் உறுதிசெய்ய முடியும்.

சில வாரங்களாகப் பெயர் தெரியாத வலிப்பொடி சாப்பிட்டு வருகிறீர்களா? இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மிச்சப் பொடியையும் அதன் உறையையும் எடுத்துக்கொண்டு நெல்லை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி என்று மறைக்காமல் சொல்லுங்கள். வாந்தியோடு மயக்கமும் சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். மருந்தால் வந்த பாதிப்பைப் பதிவுசெய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. மீதமிருக்கும் அந்தப் பொட்டலம் சோதனைக்குப் போனால், அதே பொடியை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரும் தப்பிக்கலாம்.