தொண்ணூறு நொடி அழைப்பு

பள்ளி முடித்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பழைய வகுப்புத் தோழர்களை ஒன்றுகூட்ட விரும்பும் ஒருவர், கைப்பேசியில் ஒரு காணொளிச் செய்தியைப் பதிவு செய்து அனுப்புகிறார். வருவதென்று முன்பே முடிவு செய்தவர்களுக்கு நாளும் இடமும் தெரிந்தால் போதும். எழுத்துரு எழுதும்போது ஒருங்கிணைப்பாளர் மனத்தில் கொள்ள வேண்டியவர்கள் தயங்குகிறவர்களே. ‘நன்கொடை கேட்பார்களோ, என்ன வேலை என்று கேட்டால் எதைச் சொல்வது’ என எண்ணித் தயங்குபவர் அதை வெளியே சொல்வதில்லை, வராமல் இருந்துவிடுவார். உயர்பதவி பெற்ற தோழர்களின் பெயர்களை அடுக்கும் அழைப்பு அவரை மேலும் விலக்கிவிடும்.

2001-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்காக எழுதப்பட்ட ஓர் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். ஓடும் நேரம் 90 நொடி.

முதல் 10 நொடி, பேசுபவரின் முகம்: “2001-இல் நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எல்லாருக்கும் வணக்கம். தண்டவாளத் துண்டில் மணி அடித்துக்கொண்டிருந்தவன் பேசுகிறேன்.”

அடுத்த 20 நொடி, வகுப்பின் குழுப்படம்: “இந்தப் படம் எடுத்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இதில் உள்ள மூவர் இன்று நம்மோடு இல்லை.”

அடுத்த 20 நொடி, நாளும் நேரமும் திரையில் எழுத்தாக: “வருகிற மே 10, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு நம் பள்ளி வேப்பமரத்தடியில் கூடுகிறோம். மதிய உணவுக்குப் பிறகு மூன்று மணிக்குக் கலைகிறோம்.”

அடுத்த 20 நொடி, மீண்டும் முகம்: “யாரிடமும் பணம் கேட்கப் போவதில்லை, செலவை ஊரில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்கிறோம். என்ன வேலை, எவ்வளவு வருமானம் என்று மேடையேறி யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேடையே கிடையாது. வட்டமாக உட்கார்ந்து பேசுவோம்.”

இறுதி 20 நொடி, முகமும் பின்னர்த் தொடர்பு எண்ணும்: “வருவதாக இருந்தால் ஏப்ரல் 25-க்குள் ஒரு வரி அனுப்புங்கள், சமையலுக்குக் கணக்கு வேண்டும். சொல்லாமல் வந்தாலும் சாப்பாடு உண்டு.”

இதில் இருப்பவை 78 சொற்கள். நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ 55 நொடியில் முடிந்துவிடும். எஞ்சிய 35 நொடி பார்ப்பதற்கு உரியது. குழுப்படத்தில் நாற்பது முகங்கள் இருந்தால், ஒவ்வொருவரும் முதலில் தம்மையும் பிறகு பக்கத்தில் நின்றவரையும் தேடுவர். ஆகவே அங்குப் பேச்சு எட்டு நொடிதான். மூவரைப் பற்றிச் சொன்னபின் வருவது அமைதி. அந்த அமைதியைப் பின்னணி இசையால் நிரப்புவது பெரும்பாலும் படத்தைக் கெடுக்கும். நாளும் நேரமும் பார்ப்பவர் இருமுறை படித்துமுடிக்கும் வரை திரையில் நிற்க வேண்டும்.

சொற்களை எண்ணி மட்டும் நேரத்தைக் கணித்துவிட இயலாது. ‘அடித்துக்கொண்டிருந்தவன்’ என்பதும் ஒரு சொல். ‘மே’ என்பதும் ஒரு சொல். ‘2001’ என எழுத நான்கு இலக்கம் போதும். வாய்விட்டுச் சொல்ல ‘இரண்டாயிரத்து ஒன்று’ என நீளும். எனவே எழுத்துருவைக் கடிகாரத்தோடு மும்முறை உரக்கப் படித்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி. மூச்சு முட்டும் இடத்தில் தொடரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நேரம் மிஞ்சினால் வேகத்தைக் கூட்டாமல் சொற்களைக் குறைக்க வேண்டும். பள்ளி நினைவுகளை அடுக்கும் பகுதிதான் முதலில் நீளும். அவற்றைக் கூடும் நாளில் பேசிக்கொள்ளலாம்.

இந்த எழுத்துருவில் மணி அடித்தவர் தம் பெயரைக் கூறவில்லை. குரலைக் கேட்டு யாரென்று நினைவுகூர்வதில் தோழர்களுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. பெயரைத் திரையில் எழுத்தாகக் காட்டலாம். பிற தோழர் எவரையும் அவர் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ஐந்து பெயரைச் சொன்னால் மற்ற முப்பத்தைந்து பேர் விடுபட்டவர் ஆவர். ‘செலவை ஊரில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பதோ, செலவை ஏற்பவர்கள் உண்மையிலேயே உடன்பட்டபின் சொல்ல வேண்டிய தொடர். ‘மூவர்’ என்னும் எண்ணையும் பதிவுக்கு முன் உறுதி செய்தாக வேண்டும். உயிரோடிருப்பவரை இறந்தவராக எண்ணுவதும், மறைந்த ஒருவரை விட்டுவிடுவதும் மன்னிப்புக் கேட்டுத் தீராத பிழைகள்.

குழுப்படம் அகலமானது, கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பதிந்தால் முகங்கள் கடுகாகிவிடும். ஆதலால் படுக்கைவாட்டில் பதிவதே ஏற்றது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு கை தொலைவில் கைப்பேசியை நிறுத்திப் பேச வேண்டும். பதிந்தபின் ஒருமுறை திரையைப் பாராமல் கேட்க வேண்டும். நாள், நேரம், இடம் மூன்றும் காதாலேயே விளங்குகின்றனவா என்பது அப்போது தெரியும். கண்ணாடியைத் தேடிக்கொண்டே செய்தியைக் கேட்கும் வயதுக்கு அந்த வகுப்பினர் வந்துவிட்டனர்.