பைன் காட்டுக்கு அடியில் ஒரு பருத்திக்காடு

அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் சம்டர் தேசிய வனம் இருக்கிறது. அங்கே பைன் மரங்களுக்கு நடுவே சருகை மிதித்து நடந்து போகிறவர், திடீரென்று காலடியில் செம்மண் சுவர்களோடு வாய் பிளந்த பள்ளத்தைப் பார்த்து நின்றுவிடக்கூடும். அந்த மண் ஒரு காலத்தில் பருத்தி விளைந்த மண். சரிவான நிலத்தை வருஷா வருஷம் உழுது வெறுமையாகப் போட்டதில் மேல்மண் மழையோடு போயிற்று. தண்ணீர் ஓடிய தடமெல்லாம் அறுந்து பள்ளமாயிற்று. கைவிடப்பட்ட நிலங்களை அரசு வாங்கி, 1936-ல் தேசிய வனமாக்கியது. வளர்ந்த மரங்கள் பள்ளங்களை மூடிவிட்டன. விமானத்திலிருந்து புகைப்படம் எடுத்தால் பச்சை மட்டும்தான் தெரியும்.

அந்தப் பச்சைக்குள் ஊடுருவ உதவுவது லைடார். விமானம் லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. ஒரே துடிப்பில் கொஞ்சம் உச்சி இலையிலும், கொஞ்சம் கிளையிலும், இடுக்கில் நுழைந்த மிச்சம் தரையிலும் பட்டுத் திரும்பும். திரும்பி வந்த நேரத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் உயரம் கணக்கிடுகிறார்கள். இப்படிச் சேரும் கோடிக்கணக்கான புள்ளிகளில் மரத்தையும் புதரையும் கழித்து, மண்ணின் உருவத்தை மட்டும் மீட்க வேண்டும். கடைசியாகத் திரும்பியதெல்லாம் தரை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடர்ந்த புதரில் கடைசி எதிரொலியும் புதரிலிருந்தே வரும்.

இந்தக் கழித்தலில்தான் பள்ளம் அடிபடுகிறது. பலரும் பயன்படுத்தும் PDAL என்ற இலவச மென்பொருளில் `filters.smrf` என்றொரு வடிகட்டி இருக்கிறது. நிலப்பரப்பின் அடியிலிருந்து ஒரு தட்டைப் பலகையை மேல்நோக்கி அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பலகையைவிடக் குறுகலான மேடுக்குள் அது நுழையாது. அப்படி நுழையாத மேடு அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், அதை வீடென்றோ மரமென்றோ எண்ணி வடிகட்டி தள்ளிவிடும். பலகையைச் சின்னதில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குவார்கள். எவ்வளவு உயரம் வரை பொறுப்பது என்பதை `slope` என்ற எண் தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 0.15.

இரண்டு பள்ளங்கள் அருகருகே ஓடுகின்றன, நடுவே 4 மீட்டர் அகல வரப்பு மட்டும் மிச்சம், பள்ளத்தின் ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் ஆரம் 2 மீட்டரை எட்டும்போது வடிகட்டி பொறுக்கும் உயரம் 2 × 0.15, அதாவது 30 சென்டிமீட்டர். வரப்போ 2 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. அசல் மண்ணான அந்த வரப்பை மரமென்று நினைத்து வெட்டியெறிந்துவிடும். இரண்டு பள்ளங்கள் படத்தில் ஒரே அகலமான தாழ்வாகக் கலந்துவிடும். அதே எண்ணை 1.2 ஆக்கினால் பொறுக்கும் உயரம் 2.4 மீட்டர், வரப்பு பிழைக்கும். ஆனால் இடுப்பளவுப் புதரும் கூடவே பிழைத்து, தரை என்ற பெயரில் உட்கார்ந்துகொள்ளும்.

எந்த எண் சரி என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, இரண்டு எண்களிலும் ஓட்டி, இரண்டு தரை மாதிரிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்ப்பது நல்லது என்பேன். வித்தியாசம் நீளமான கோடாக, சரிவு இறங்கும் திசையில் ஓடினால், அங்கே வரப்பு வெட்டுப்பட்டிருக்கிறது. அங்கங்கே வட்டத் திட்டாகக் கிடந்தால் அது புதர். கோட்டுக்கு ஒரு மதிப்பு, திட்டுக்கு ஒரு மதிப்பு என்று இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

எண்ணை மாற்றித் தீர்க்க முடியாத குறையும் உண்டு. விமானத்துக்கு நேர் கீழே இல்லாத பள்ளத்தை லேசர் சாய்வாகவே பார்க்கிறது. செங்குத்துச் சுவர்களோடு 3 மீட்டர் ஆழம், 3 மீட்டர் அகலம் உள்ள பள்ளத்தில், விமானம் பறக்கும் தடத்துக்கு இணையாக அது ஓடி, கதிர் 20 பாகை சாய்ந்து வந்தால், அடித்தரையில் ஒரு மீட்டருக்குமேல் சுவரின் நிழலில் மறைந்துபோகும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தெரியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு தடவை பறந்திருந்தால்தான் அந்த நிழல் விலகும். மரங்கள் மறைத்தது போக மிஞ்சும் தரைப் புள்ளிகளும் சொற்பம். பைன் மரம் குளிர்காலத்திலும் இலை உதிர்ப்பதில்லை. புள்ளியே விழாத இடத்தை மென்பொருள் நேர்கோடு இழுத்து நிரப்பிவிடும். சாய்வு வெளிச்சம் போட்ட நிழற்படத்தில் அந்த இடம் வழவழப்பான முக்கோணச் சில்லுகளாகத் தெரியும். மண் ஒருபோதும் அவ்வளவு மழமழப்பாக இருக்காது.

சம்டர் காட்டில் இதைச் சோதித்தவர் புவியியலாளர் ஆலன் ஜேம்ஸ். 2007-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மரங்களுக்கு அடியில் பள்ளங்களின் வலைப்பின்னலை லைடார் நன்றாகவே காட்டியது. நேரில் போய் அளந்த குறுக்குவெட்டுகளோடு ஒப்பிட்டபோதோ, பள்ளத்தின் ஆழத்தை அது குறைத்தும் மேல் அகலத்தைக் கூட்டியும் சொல்லியிருந்தது. புள்ளி குறைவு, அடித்தரையின் நிழல், வடிகட்டியின் வெட்டு ஆகிய மூன்றையும் அவர்கள் காரணமாகக் காட்டினார்கள்.

ஆகவே பள்ளம் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் கிளை பிரிகிறது என்பதைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு மண் போயிற்று என்று கணக்குப் போடுவதற்கு முன், தரைப் புள்ளிகள் அடர்ந்த இடத்தில் ஒன்று, அருகிப்போன இடத்தில் ஒன்று, இரண்டு பள்ளங்கள் ஒட்டி ஓடும் இடத்தில் ஒன்று என மூன்று பள்ளங்களிலாவது அளவுகோலோடு இறங்கிப் பார்த்துவிட வேண்டும்.