நகராத கர்சர்: பழுது எங்கே?

மெதுவாகிப் போன லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு வாங்கி வருகிறார் ஒரு கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடிவிட்டது. ஆனால் டச்பேடில் விரலை எப்படித் தேய்த்தாலும் கர்சர் அசையவில்லை. கடைக்காரர் உடனே, "டச்பேட் போயிடுச்சும்மா, மாத்தணும்" என்று சொல்லக்கூடும். அதற்குச் சம்மதிக்கும் முன் மூன்று சந்தேகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணைத்து வைக்கும் விசையா, டிரைவரா, உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிளா?

விசையைப் பார்க்கக் காசு செலவில்லை. விசைப்பலகையின் மேல்வரிசையில் சிறிய டச்பேட் படம் போட்ட விசை இருந்தால், அதைத் தனியாக ஒரு முறையும் Fn உடன் சேர்த்து ஒரு முறையும் அழுத்திப் பார்க்கலாம். படம் F6-இல் இருக்கும், F9-இல் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில பழைய எச்.பி. லேப்டாப்களில் டச்பேடின் இடது மேல் மூலையில் இரண்டு முறை தட்டினாலே அது அணைந்துவிடும். மூலையில் ஆரஞ்சு நிற விளக்கு எரிந்தால் அதுதான் காரணம்.

அடுத்து, விண்டோஸ் விசையுடன் I அழுத்தினால் Settings திறக்கும். விண்டோஸ் 11-இல் Bluetooth & devices பகுதிக்குள் Touchpad பக்கம் இருக்கிறது. கர்சர் இல்லாததால் டேப், அம்பு, என்டர் விசைகளாலேயே அங்கே போகலாம். Leave touchpad on when a mouse is connected என்பதில் டிக் இல்லையென்றால், வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் யூ.எஸ்.பி.யில் செருகியிருக்கும் வரை டச்பேட் தூங்கிக்கொண்டே இருக்கும். மவுஸ் பைக்குள் கிடந்தாலும் அப்படித்தான். இந்த Touchpad பக்கமே காணவில்லையா? பெரும்பாலும் விண்டோஸின் கண்ணுக்கு டச்பேடே தெரியவில்லை என்று அர்த்தம். விசை மேல் இருந்த சந்தேகத்தை அத்தோடு விட்டுவிடலாம்.

மாணவியின் லேப்டாப்பில் அந்தப் பக்கம் இல்லை.

இனி விண்டோஸ் விசையும் X-உம் சேர்த்து அழுத்தி, பிறகு M அழுத்தினால் Device Manager வரும். டச்பேட் தெரிந்தால் HID-compliant touch pad என்ற பெயரில் இருக்கும். I2C HID Device என்ற வரியில் மஞ்சள் முக்கோணமும் Code 10 என்ற குறிப்பும் இருந்தால், டிரைவர் தடுக்கி நிற்கக்கூடும். அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் Roll Back Driver கொடுத்துப் பார்க்கலாம். அதன் பிறகு ஷட்டவுன் செய்வதைவிட Restart கொடுப்பதே சரி. Fast Startup என்ற வசதி இயங்கும்போது, ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அதிலிருந்தே எழும். Restart கொடுத்தால்தான் டிரைவர்கள் முதலிலிருந்து ஏறும்.

டச்பேடின் பெயரே பட்டியலில் இல்லாதபோதுதான் பலரும் குழம்பிப்போகிறார்கள். புதிதாகப் போட்ட விண்டோஸில் Intel Serial IO டிரைவர் ஏறாமல் விட்டால், நல்ல டச்பேடும் மறைந்துவிடும். கேபிள் கழன்றாலும் அதேபோல் மறையும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது, உபுண்டு போட்ட ஒரு பென்டிரைவ். அதிலிருந்து லேப்டாப்பை இயக்கி Try Ubuntu கொடுத்தால், எஸ்.எஸ்.டி.யில் எதையும் தொடாமல் வேறொரு இயங்குதளம் தன் சொந்த டிரைவர்களோடு ஓடும். அங்கே கர்சர் நகர்ந்தால் டச்பேடும் கேபிளும் நலம். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கு உரிய டிரைவரை இறக்கிப் போட்டால் போதும். பயாஸ் திரையிலும் இதேபோல் சோதிக்கலாம், ஆனால் மவுஸை ஏற்கும் பயாஸாக இருக்க வேண்டும். விசையால் மட்டும் இயங்கும் பழைய நீலத் திரையில் கர்சர் இல்லாததை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

மாணவியின் லேப்டாப்பில் உபுண்டுவிலும் கர்சர் அசையவில்லை. கை வைக்கும் பகுதியை லேசாக அழுத்தியபோது மட்டும் ஒரு நொடி துள்ளி நின்றது. டிரைவர் பழுது அழுத்தத்துக்கு மசியாது. தொடர்பு விட்டு விட்டு வருகிறது என்றால் கேபிள்தான்.

உள்ளே டச்பேடையும் மதர்போர்டையும் இணைப்பது காகிதம்போல் மெல்லிய பட்டைக் கேபிள். அதன் நுனியைப் பிடித்திருப்பது நகக்கண் அளவுக்கான ஒரு பிளாஸ்டிக் தாழ்ப்பாள். எஸ்.எஸ்.டி. மாற்ற மூடியைக் கழற்றும்போது கேபிள் இழுபட்டு, நுனி அரை மில்லிமீட்டர் சரிந்தாலே போதும், தொடர்பு அறுந்துவிடும். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, தாழ்ப்பாளைத் தூக்கி, கேபிளை நேராகச் செருகி மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மடிப்பில் விரிசல் விட்டிருந்தால் கேபிளை மட்டும் மாற்றலாம்.

ஒன்றில் மட்டும் அவசரம் தேவை. டச்பேட் மேலெழும்பியோ, அழுத்தினால் 'க்ளிக்' ஆகாமலோ இருந்தால், அதன் கீழே உள்ள பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். பல மாடல்களில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது. அப்போது மேலிருந்து அழுத்திப் பார்க்கும் சோதனையே கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, பேட்டரியை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.