வெப்பம் கேட்கும் விலை

2011 ஜூன் 13. கலிஃபோர்னியாக் கரையை அடுத்த பசிபிக் கடலுக்கு மேல், பி-52 விமானத்தின் இறக்கையிலிருந்து எக்ஸ்-51ஏ என்ற ஆளில்லாச் சோதனை வாகனம் கழற்றிவிடப்பட்டது. பூஸ்டர் ராக்கெட் அதை ஒலியைப்போல் சுமார் ஐந்து மடங்கு வேகத்துக்குக் கொண்டுபோனது. ஸ்க்ராம்ஜெட் எஞ்சின் முதலில் எத்திலீன் வாயுவில் பற்றிக்கொண்டது. அதன் முக்கிய எரிபொருளான ஜேபி-7-க்கு மாறும்போது காற்றை உள்வாங்கும் வாய் செயலிழந்தது. மறுபடி இயக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வாகனம் கடலில் விழுந்தது.

இந்தக் கோளாறுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘அன்ஸ்டார்ட்’. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் மிக அடிப்படையானது இயற்கை விதித்த ஒரு வரம்பு: ஓடும் காற்றுக்கு இவ்வளவுக்கு மேல் வெப்பம் கொடுக்க முடியாது. கொடுக்க முடிந்த வெப்பத்துக்கும் காற்று ஒரு விலை கேட்கும். அந்த விலையின் பெயர் தேக்க அழுத்தம்.

வேகமாக வரும் காற்றை எந்தச் சேதமும் இல்லாமல் மெல்ல மெல்ல நிறுத்தினால் அதன் அழுத்தம் எவ்வளவுக்கு ஏறுமோ அதுவே தேக்க அழுத்தம். அப்படி நிறுத்தும்போது ஏறி நிற்கும் வெப்பநிலை தேக்க வெப்பநிலை. ஜெட் எஞ்சினின் உந்துவிசை, பின்பக்கத்து நாசிலில் காற்று எவ்வளவு வேகமாகப் பீறிட முடியும் என்பதைப் பொறுத்தது. அதற்கான முதலீடு தேக்க அழுத்தம்தான். வழியில் தொலைந்தால், பிறகு கம்ப்ரசர் போன்ற ஒன்றால் வேலை செய்துதான் அதை மீட்க வேண்டும்.

உராய்வே இல்லாத, ஒரே அகலமுள்ள குழாயில் காற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். சுவரில் உரசல் இல்லை, அதிர்ச்சி அலை இல்லை. வெப்பம் மட்டும் சேர்கிறது. இந்த எளிய மாதிரிக்கு ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபுவின் பெயர் வைத்து ‘ரேலே ஓட்டம்’ என்கிறார்கள். கெடுப்பதற்கு எதுவும் இல்லாத இந்தக் குழாயிலும் தேக்க அழுத்தம் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதை ஒரே வரி சொல்லிவிடும்:

dp₀/p₀ = −(γM²/2) × dT₀/T₀

இதில் p₀ தேக்க அழுத்தம், T₀ தேக்க வெப்பநிலை. M என்பது மாக் எண், அதாவது ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம். γ காற்றின் தன்மையைக் குறிக்கும் எண், சாதாரணமாக 1.4. கவனிக்க வேண்டியது M-இன் வர்க்கம். மாக் 0.2-இல் ஓடும் காற்றின் தேக்க வெப்பநிலையை 1 சதவீதம் உயர்த்தினால் தேக்க அழுத்தத்தில் 0.03 சதவீதம்கூடப் போகாது. மாக் 3-இல் அதே 1 சதவீதத்துக்கு 6.3 சதவீதம் போய்விடும்.

ஏன் இப்படி? ஓடும் காற்று தன் ஆற்றலில் ஒரு பகுதியை இயக்கமாக வைத்திருக்கிறது. அதனால் அதன் உண்மையான வெப்பநிலை தேக்க வெப்பநிலையைவிடக் குறைவு. மாக் 3-இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். நாம் தரும் வெப்பம் இந்தக் குறைந்த வெப்பநிலையில்தான் சேர்கிறது. வெப்பம் எவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் சேர்கிறதோ, அவ்வளவு அதிகமாக என்ட்ரோபி வளரும். நின்றிருக்கும் காற்றுக்குக் கொடுத்திருந்தால் வளர்ந்திருக்கும் என்ட்ரோபிக்கு மேல் வளர்ந்த அந்த உபரிதான் தேக்க அழுத்த இழப்பாக வெளிப்படுகிறது.

ஒரு ராம்ஜெட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரத்துக் குளிர்க்காற்றில் மாக் 3-இல் அது பறக்கிறது. உள்ளே வரும் காற்றின் தேக்க வெப்பநிலை சுமார் 600 கெல்வின். எரித்து 2000 கெல்வினுக்கு ஏற்ற வேண்டும். எரிகலனுக்குள் நுழையும்போது காற்றை மாக் 0.2-க்கு மெதுவாக்கியிருந்தால், வெளியேறும்போது அது சுமார் மாக் 0.43-ஐ எட்டும். தேக்க அழுத்தத்தில் 7 சதவீதம் சொச்சம் செலவாகும். தாங்கக்கூடிய விலை.

இப்போது மாக் 0.3-இல் நுழையவிட முயல்வோம். சூடாகும் காற்று விரிகிறது. குழாய் விரியாததால் அது வேகம் பிடித்தாக வேண்டும். சுமார் 1730 கெல்வினிலேயே அது மாக் 1-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஒரு துளி வெப்பத்துக்கும் அங்கே இடமில்லை. இதுதான் ‘தெர்மல் சோக்கிங்’. 2000 கெல்வின் வேண்டும் என்று எரிபொருளைக் கூட்டினால், காற்றோட்டம் தன்னையே மாற்றிக்கொள்ளும். பின்னழுத்தம் முன்னே பரவி, நுழையும் வேகம் சுமார் மாக் 0.27-க்கு இறங்கும். எஞ்சினுக்குள் வரும் காற்றின் அளவு குறையும். தேக்க அழுத்த இழப்பு 17 சதவீதமாகும்.

ஒலியைவிட மெதுவான ஓட்டத்தில் ஓர் ஆறுதல் உண்டு. எவ்வளவு மெதுவாகத் தொடங்கி, மாக் 1 வரை எவ்வளவு சூடாக்கினாலும், தேக்க அழுத்தத்தில் 21 சதவீதத்துக்குச் சற்று மேல் இழக்கவே முடியாது. பயணிகள் விமானத்தின் எஞ்சினில் கம்ப்ரசருக்கும் எரிகலனுக்கும் நடுவே டிஃப்யூசர் என்ற விரியும் பாதையை வைத்துக் காற்றை மெதுவாக்குகிறார்கள். சுடரைத் தக்கவைக்கவும் அந்த மந்தகதி தேவை. அங்கே வெப்பத்தால் வரும் இழப்பு மிகச் சிறிது. சுழலையும் கலப்பையும் உண்டாக்கும் துளைகளும் தடுப்புகளுமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

ஒலியைவிட வேகமான ஓட்டத்துக்கு அந்த ஆறுதல் கிடையாது. மாக் 6-இல் பறக்கும் வாகனத்தில் காற்றின் தேக்க வெப்பநிலை ஏற்கெனவே 1850 கெல்வின் அளவில் இருக்கும். அதை முழுதாக மெதுவாக்கினால் வரும் சூடும் அதிர்ச்சி அலைகளின் சேதமும் தாங்காது என்பதால், ஸ்க்ராம்ஜெட்டில் காற்று எரியும்போதும் ஒலியை மிஞ்சியே ஓடுகிறது. மாக் 3-இல் ஓடும் அந்தக் காற்றின் தேக்க வெப்பநிலையை வெறும் 30 சதவீதம் உயர்த்தினால், ஒரே அகலக் குழாயில் ஓட்டம் சுமார் மாக் 1.74-க்கு இறங்கி, தேக்க அழுத்தத்தில் 63 சதவீதம் அழிந்துவிடும். 53 சதவீதத்தில் ஓட்டம் சோக் ஆகிவிடும். அப்போது மிஞ்சுவது 29 சதவீதம்.

அதையும் மீறி எரிபொருள் ஊற்றினால் சேதி வேறு. ஒலியைவிட வேகமான ஓட்டத்தில், பின்னால் நடப்பது முன்னால் இருக்கும் காற்றுக்குத் தெரிய வழியில்லை. அழுத்தம் திரண்டு, அதிர்ச்சி அலையாக எதிர்த்திசையில் ஏறி, காற்று வாயிலிலிருந்தே வெளியே தள்ளப்படுகிறது. உள்சுவரில் வரிசையாகப் பொருத்திய அழுத்த உணரிகளில் இந்த ஏற்றம் பின்னாலிருந்து முன்னோக்கி நகர்வது தெரியும். அது வாயைத் தொட்டுவிட்டால் உந்துவிசை சட்டென்று சரியும், வாகனம் குலுங்கும்.

இதைத் தடுக்கத்தான் காற்று வாய்க்கும் எரிகலனுக்கும் நடுவே ‘ஐசொலேட்டர்’ என்ற நீளக் குழாய் வைக்கப்படுகிறது. முன்னேறும் அதிர்ச்சி அலைகள் அதற்குள் அடங்கி நிற்கும். எரிகலனும் பின்னோக்கி விரிந்துகொண்டே போகும்படி செய்யப்படுகிறது. சூடாகும் காற்றுக்கு இடம் கிடைப்பதால் சோக்கிங் தள்ளிப்போகிறது. ஆனால் விரியும் குழாயில் ஒலியை மிஞ்சிய காற்று வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். M-இன் வர்க்கம் மறுபடி தன் விலையைக் கேட்கும். எவ்வளவு விரிப்பது, எரிபொருளை எந்தெந்த இடத்தில் எவ்வளவு தெளிப்பது என்பதுதான் வடிவமைப்பாளரின் தலையாய வேலை.

இந்த வரம்பைப் பகையாக நினைக்காமல் கருவியாகவே ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. இரட்டை முறை ஸ்க்ராம்ஜெட் எஞ்சின்கள் மாக் 4, 5 அளவில் பறக்கும்போது, விரியும் எரிகலனில் வேண்டுமென்றே வெப்பத்தால் ஓட்டத்தை மாக் 1-இல் நிறுத்துகின்றன. குழாயில் குறுகலான இடமே கிடையாது. வெப்பமே குறுகலாக நின்று, அதற்கு முன்னால் காற்றை மெதுவாகவும் பின்னால் வேகமாகவும் ஓடவைக்கிறது. பறக்கும் வேகம் ஏற ஏற, அந்தக் குறுகல் தானாகக் கரைந்துவிடுகிறது.